சம்பளம் நின்ற வீட்டின் கணக்கு

பணி ஓய்வு பெறப்போகும் ஒருவரிடம் “உங்கள் இருவருக்கும் மாதம் எவ்வளவு ஆகும்?” என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் பதில் வரும். “இருபதாயிரம் இருந்தால் போதும் சார். வீடு சொந்தம், பிள்ளைகள் செட்டில் ஆகிவிட்டார்கள், எங்களுக்கென்று பெரிதாக என்ன இருக்கிறது?” அவர் பொய் சொல்லவில்லை. போன மாதம் அவ்வளவுதான் ஆகியிருக்கும். ஆனால் அவர் நினைவில் வைத்துச் சொல்வது தீபாவளி வராத, மோட்டார் எரியாத, பல் வலிக்காத, யார் வீட்டுக் கல்யாணமும் இல்லாத ஒரு மாதத்தின் செலவு. அப்படிப்பட்ட மாதம் ஆண்டுக்கு நாலைந்து வந்தாலே அதிகம்.

சம்பளம் வந்த காலத்தில் இந்தப் பிசகு வெளியே தெரியாது. போனஸ் வந்து தீபாவளியைச் சமாளித்துவிடும். வெள்ளை அடிப்பதற்குப் பி.எஃப்.பில் கடன் கிடைக்கும். ஆண்டுதோறும் வரும் இன்கிரிமென்ட், விலை ஏறியதையே மறக்கடிக்கும். சம்பளம் நின்ற பிறகு இந்த மூன்றும் கிடையாது. அதனால்தான் எல்லாம் யோசித்து வைத்தவர்கள் வீட்டிலும் ஓய்வு பெற்ற இரண்டாவது ஆண்டே துண்டு விழுகிறது. வைப்பில் போட்ட பணத்தை உடைக்க வேண்டி வருகிறது.

எனவே மாதத்திலிருந்து தொடங்காமல் ஆண்டிலிருந்து தொடங்குவதுதான் சரியான வழி. ஓராண்டில் என்னென்ன ஆகிறது என்று கூட்டி, அதைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். சில செலவுகள் ஓராண்டுக்கும் அடங்காது. அவற்றை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வருகின்றனவோ அத்தனையால் வகுக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். எதை எந்தக் கட்டில் சேர்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உட்காரும் முன் ஒரு சோதனை. வங்கிப் பாஸ்புத்தகத்தில் போன ஏப்ரல் 1 அன்று இருந்த இருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அத்துடன் ஆண்டு முழுவதும் வந்த பணத்தைக் கூட்டுங்கள். மார்ச் 31 அன்று மீதி இருந்ததையும் இடையில் புதிதாக வைப்பில் போட்டதையும் கழியுங்கள். உதாரணமாக, இருப்பு 1,20,000, வந்தது 3,80,000, கடைசியில் மீதி 90,000, புதிதாகப் போட்ட வைப்பு 60,000 என்றால், அந்த ஆண்டில் செலவானது 3,50,000 ரூபாய். “மாதம் இருபதாயிரம்” என்று சொன்னவர் கணக்குப்படி 2,40,000தான் ஆகியிருக்க வேண்டும். மிச்சம் 1,10,000 எங்கே போனது? யாரும் திருடவில்லை. நினைவில் நிற்காத செலவாகப் போயிருக்கிறது. எந்தப் பட்டியல் போட்டாலும் கடைசியில் இந்தப் பாஸ்புத்தகக் கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். பட்டியல் குறைவாக வந்தால் எதையோ விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு முழுதாகவே போட்டுப் பார்த்துவிடலாம். கும்பகோணத்தில் ஆயிரம் சதுர அடியில் சொந்த வீடு, கட்டி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. கணவருக்கு வயது 63, தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவர். மனைவிக்கு 60. மகளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், மகன் பெங்களூரில். இது உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்ட குடும்பம். தொகைகளும் சுமாரானவைதான். உங்கள் ஊர், உங்கள் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதா மாதம் தவறாமல் வரும் செலவில் அதிகம் நிற்க வேண்டாம். இது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. மளிகை 5,500, காய்கறி பழம் 3,500, பால் 1,400, வேலை செய்யும் அம்மாவுக்கு 2,000, போன் இணையம் கேபிள் எல்லாம் சேர்த்து 1,200, பெட்ரோலும் ஆட்டோவும் 1,500. பேப்பர், இஸ்திரி, பூ, முடிவெட்டு, கோவில் என்று சில்லறையாக 1,650. இருவர் சமையலுக்கு ஒரு சிலிண்டர் ஐம்பது நாள் வந்தால் மாதத்துக்கு 550 ஆகும். மின்சாரத்துக்கு 700.

இந்த மின்சாரத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. இங்கே பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. முதல் 100 யூனிட் இலவசம். மார்கழியில் வந்த பில்லைப் பார்த்து “நமக்கு நூறு இருநூறுதான்” என்று எழுதிவிட்டால், ஏ.சி. ஓடும் சித்திரை வைகாசிப் பில் கையைக் கடிக்கும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். போதாக்குறைக்கு, வேலைக்குப் போன காலத்தில் பகலெல்லாம் பூட்டியிருந்த வீட்டில் இப்போது மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஓய்வுக்கு முந்திய பில்களை நம்பாமல், ஆண்டின் ஆறு பில்லையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் சேர்ந்து 18,000 ரூபாய். மருந்துக்கு ஆயிரத்து ஐந்நூறு என்று தோராயமாகப் போட்டு, “ஆக இருபதாயிரம்” என்று முடித்துவிடுவது இந்த இடத்தில்தான்.

மருந்தைத் தோராயமாகப் போடவே கூடாது. ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்புங்கள். ஒவ்வோர் அட்டையின் பின்பக்கமும் விலை அச்சிட்டிருக்கும். அதை அட்டையில் இருக்கும் மாத்திரை எண்ணிக்கையால் வகுங்கள். சில அட்டையில் பத்து, சிலவற்றில் பதினான்கு, சிலவற்றில் பதினைந்து என்று இருக்கும். அட்டைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும் என்பதற்குக் காரணமே இதுதான். ஒரு மாத்திரையின் விலை தெரிந்த பிறகு, நாளைக்கு எத்தனை வேளை என்பதால் பெருக்குங்கள். நம் உதாரணத்துக் கணவருக்கு இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு வகை, கொழுப்புக்கு ஒன்று. எல்லாம் சேர்த்து நாளுக்கு 28 ரூபாய். மனைவிக்குத் தைராய்டு, இரத்த அழுத்தம், கால்சியம் என்று நாளுக்கு 17 ரூபாய். ஆக, இருவருக்கும் நாளுக்கு 45 ரூபாய். இதை முப்பதால் பெருக்காமல் 365ஆல் பெருக்குங்கள். ஆண்டுக்கு 16,425 வரும்.

தினசரி மாத்திரை வைத்தியச் செலவில் ஒரு பங்குதான். சர்க்கரைக்காரர்களுக்கு மூன்று மாத சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை உண்டு. அதோடு தைராய்டு, சிறுநீரகம், கொழுப்பு என்று லேபில் எடுப்பதையெல்லாம் சேர்த்தால் இருவருக்கும் ஆண்டுக்கு 7,200 ஆகிறது. டாக்டர் ஃபீஸ் 3,200. பல், கண், கண்ணாடி இவற்றுக்குச் சராசரியாக 6,000. சளி, காய்ச்சல், மூட்டு வலித் தைலம், கண் சொட்டு மருந்து என்று இடையிடையே வாங்குவது 4,000. எல்லாம் கூட்டினால் 36,825. மாதத்துக்கு 3,070 ரூபாய் ஆகிறது. ஆயிரத்து ஐந்நூறு என்று போட்டதைப் போல இரண்டு மடங்கு.

இதற்கு மேல் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. கம்பெனி எடுத்துக் கொடுத்திருந்த குழுக் காப்பீடு பெரும்பாலும் ஓய்வு பெறும் நாளோடு முடிந்துவிடும். அறுபது வயதுக்கு மேல் இருவருக்கும் சேர்த்து ஐந்து லட்சத்துக்குத் தனியாக எடுத்தால், ஆண்டு பிரீமியம் சுமார் 42,000 என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 3,500. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. அது ஓர் ஆறுதல். அறுபது வயதைக் கடந்தவர்களின் பிரீமியத்தை ஓராண்டில் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அது நல்லதுதான். ஆனால் பத்து சதவீதம் வரை தாராளமாக ஏறலாம் என்பதையும் அதிலேயே புரிந்துகொள்ளுங்கள்.

காப்பீடு இருப்பதால் ஆஸ்பத்திரிச் செலவு நம் கையில் விழாது என்று நினைத்துவிடக் கூடாது. மூத்தவர்களுக்கான பல பாலிசிகளில் பில் தொகையில் இத்தனை சதவீதத்தை நாமே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அது 20 சதவீதம் என்றால், இரண்டு லட்ச ரூபாய் பில்லுக்கு நாற்பதாயிரம் நம் பையிலிருந்து போகும். கையுறை, பஞ்சு என்று கழித்துவிடுவது வேறு. இதை மாதச் செலவில் போட முடியாது. நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடிய இடத்தில் ஒன்றரை இரண்டு லட்சம் தனியே கிடக்க வேண்டும்.

மருந்துச் செலவைக் குறைக்க வழி உண்டு. தமிழக அரசின் முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்டன. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் அதற்கு முன்பிருந்தே இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீடு தேடியே வருகின்றன. டாக்டரிடம் கேட்டு, பிராண்டு பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரில் எழுதி வாங்கிக்கொண்டால், அதே மருந்து பல சமயம் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். ஆனால் கணக்கில் உடனே குறைத்துப் போட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் அங்கே வாங்கிப் பாருங்கள். ஒரு மாத்திரை இருக்கும், இன்னொன்று இருக்காது. “அடுத்த வாரம் வாங்க” என்பார்கள். பழைய கடைக்கே திரும்புகிறவர்கள் நிறையப் பேர். பழக்கமான பிறகு குறைத்து எழுதினால் போதும்.

அடுத்தது பண்டிகை. இந்தச் செலவு ஆண்டு முழுவதும் பரவி வராது. ஆடியில் தொடங்கி, பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை என்று வரிசையாக வந்து பொங்கலில் முடியும். நம் குடும்பத்தில் தீபாவளிக்கு 18,000: துணி, பலகாரம், மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் செய்வது, பேரனுக்குப் பட்டாசு, வேலை செய்யும் அம்மாவுக்கு ஒரு மாதச் சம்பளமும் புடவையும். பொங்கல் சீரும் மற்றதும் 10,000. இதர பண்டிகைகள் எல்லாம் சேர்த்து 8,000. குலதெய்வம் கோவிலுக்குப் போய்வருவதும் பெற்றோர் திதியும் 7,000.

பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போவது மொய். ஓய்வு பெற்றவருக்குப் பத்திரிகை குறைந்துவிடும் என்பது தப்புக் கணக்கு. கூட வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாண வயது அப்போதுதான் வருகிறது. தவிர, நம் வீட்டுக் கல்யாணத்தில் வந்த மொய் நோட்டில் இருக்கிற ஒவ்வொரு பெயரும் நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். மொய் நோட்டை எடுத்து, யார் வீட்டில் இன்னும் விசேஷம் பாக்கி இருக்கிறது என்று ஒரு டிக் போட்டால், அடுத்த ஐந்தாண்டுக்கு எவ்வளவு போகும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஆண்டுக்குப் பன்னிரண்டு விசேஷம், தலைக்கு ஆயிரம், போக்குவரத்துக்கு ஐயாயிரம் என்று 17,000 வைத்துக்கொள்வோம். பண்டிகையும் விசேஷமும் மொத்தம் 60,000. மாதத்துக்கு 5,000.

காதுகுத்து, வளைகாப்பு, எழுபதில் வரும் பீமரத சாந்திக்குத் திருக்கடையூர் போவது போன்றவை இதில் இல்லை. அவை எந்த ஆண்டு வரும் என்று முன்கூட்டியே தெரியும். அதற்கென்று தனித் தொகை ஒதுக்குவதே முறை. பண்டிகைச் செலவுக்கு இன்னொரு குணமும் உண்டு: வேண்டுமென்றால் குறைக்கலாம். மாத்திரையைப் பாதியாக்க முடியாது, பலகாரத்தைப் பாதியாக்கலாம். அதற்காகப் பட்டியலிலேயே குறைத்து எழுதிவைப்பதில் பயனில்லை. மகளுக்குச் சீர் குறைத்துச் செய்வேன் என்று சித்திரையில் எழுதிவைத்த எந்த அப்பாவும் தையில் அதைக் காப்பாற்றியதாக நான் பார்த்ததில்லை.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை கட்டுபவையும் உண்டு. சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் 6,500, ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸும் சர்வீஸும் 6,000, குடிநீர் சுத்திகரிப்புக் கருவிக்கு ஃபில்டர் மாற்றுவதும் ஏ.சி. சர்வீஸும் 5,500. ஆக 18,000, மாதத்துக்கு 1,500.

இனி ரிப்பேர். இதை யாரும் எழுதிவைப்பதில்லை, ஏனென்றால் எப்போது வரும் என்று தெரியாது. தேதிதான் தெரியாதே தவிர, ஆயுள் ஓரளவு தெரிந்ததுதான். வீட்டுக்கு உள்ளும் வெளியும் பெயின்ட் அடிக்க 90,000 ஆகும், ஆறு ஆண்டுக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 15,000. மொட்டை மாடித் தளத்தில் மழைநீர் கசியாமல் பூசுவதற்கு 40,000, எட்டு ஆண்டு தாங்கும், ஆண்டுக்கு 5,000. போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டார் 24,000, எட்டு ஆண்டு, ஆக 3,000. இன்வெர்ட்டர் பேட்டரி 15,000, ஐந்து ஆண்டு, அதுவும் 3,000. இப்படியே ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி., கீசர், இருவர் கையிலும் இருக்கும் போன்கள், வருஷம் முழுக்க வரும் பிளம்பர், எலக்ட்ரீஷியன் கூலி என்று போட்டால் ஆண்டுக்குச் சுமார் 48,000 வருகிறது. மாதத்துக்கு 4,000. இவ்வளவா என்று மலைப்பாக இருக்கும். இருபது ஆண்டு ஆன வீட்டுக்கு இது அதிகமில்லை.

இந்த இடத்தில் நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். மாதம் 4,000 ஒதுக்கத் தொடங்கிவிட்டோம், இனிப் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் ஓய்வு பெறும் நாளன்று வீட்டில் எதுவும் புதிதாக இல்லை. பெயின்ட் அடித்து நாலு ஆண்டு ஆகியிருந்தால், 90,000 ரூபாயில் 60,000 ரூபாய்க்கான ஆயுள் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. அடுத்த பெயின்ட் இரண்டே ஆண்டில் வந்துவிடும். அதற்குள் ஆண்டுக்கு 15,000 வீதம் 30,000தான் சேர்ந்திருக்கும். பன்னிரண்டு ஆண்டு உழைக்கும் ஃபிரிட்ஜுக்குப் பத்து வயது ஆகியிருந்தால், 30,000 ரூபாயில் 25,000 தேய்ந்துவிட்டது. மோட்டார், பேட்டரி, ஏ.சி., மாடித்தளம், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் இதே போல் வயதைப் பார்த்துத் தீர்ந்துபோன பங்கைக் கூட்டினால் நம் வீட்டில் சுமார் 1,70,000 வருகிறது. கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் கைக்கு வந்த அன்றே இந்தத் தொகையைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். அப்போதுதான் மாதம் 4,000 போதும். இல்லையென்றால் முதல் மூன்று ஆண்டு ஒன்று மாற்றி ஒன்று உடைந்துகொண்டே இருக்கும், “நமக்கு நேரம் சரியில்லை” என்று ஜோசியரைப் பார்க்கப் போவோம்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். அன்றாடச் செலவு 18,000. மருந்தும் காப்பீடும் 6,570. பண்டிகை 5,000. ஆண்டுக் கட்டணங்கள் 1,500. ரிப்பேர் 4,000. மொத்தம் 35,070 ரூபாய். இருபதாயிரம் என்று தொடங்கிய வீடு இது. யாரும் ஊதாரித்தனம் செய்யவில்லை. சினிமா, ஓட்டல், யாத்திரை எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. பெங்களூருக்கு மகன் வீட்டுக்குப் போய்வரும் ரயில் செலவையும் சேர்க்கவில்லை. அதைச் சேர்க்கும்போது, மூத்த குடிமக்களுக்கு இருந்த ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதை மறந்துவிட்டுப் பழைய கட்டணத்தைப் போட்டுவிடாதீர்கள்.

விலைவாசிக்கு வருவோம். பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைத்திருப்பதே ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு. அது 2 முதல் 6 வரை ஏறி இறங்க இடம் உண்டு. சம்பளம் இல்லாத வீடு மேல்வரம்பான 6 சதவீதத்தை எடுத்துக்கொள்வதுதான் பத்திரம் என்பது என் கருத்து. குறைவாக ஏறினால் மிச்சம், அவ்வளவுதானே. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதத்தைப் போடக் கூடாது. அரசு சொல்லும் பணவீக்கம் எல்லாக் குடும்பங்களுக்குமான சராசரி. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் மருத்துவத்துக்குக் கொடுத்திருந்த பங்கு நூற்றுக்கு ஆறுக்கும் சற்றுக் குறைவு. நம் தம்பதியின் செலவில் அது நூற்றுக்குப் பத்தொன்பது. அதே குறியீட்டில் வரும் பள்ளிக்கூடக் கட்டணமும் வீட்டு வாடகையும் இவர்களுக்குக் கிடையவே கிடையாது. எனவே செய்தித்தாளில் வரும் சதவீதம் இவர்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

மருந்தையும் காப்பீட்டையும் 10 சதவீதமாகவே போடுங்கள். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துகளின் விலையை ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை உயர்த்திக்கொள்ள 2013-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணையே இடம் கொடுக்கிறது. அதோடு வயது ஏற ஏற மாத்திரையின் எண்ணிக்கையும் கூடுமே தவிரக் குறையாது.

இப்படிப் போட்டால், மருத்துவம் தவிர்த்த 28,500 ரூபாய் ஐந்தாண்டில் சுமார் 38,100 ஆகிறது, மருத்துவம் 10,600. மொத்தம் 48,700. பத்தாவது ஆண்டு முடிவில் மருத்துவம் மட்டும் 17,000, மொத்தம் 68,000. கணவருக்கு அப்போது வயது 73தான். ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் எந்த விலையும் இரட்டிப்பாகும். ஒவ்வோர் ஆண்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. பாலில் இரண்டு ரூபாய், சிலிண்டரில் ஐம்பது ரூபாய் என்றுதான் தெரியும்.

வரவு மட்டும் ஏறாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023-இல் 30 லட்சமாக்கப்பட்டது. அந்த ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது. அந்த வட்டியில் முழுத் தொகையையும் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500, அதாவது மாதத்துக்கு 20,500. அஞ்சலக மாதாந்திர வருமானத் திட்டத்தில் இருவர் பெயரில் 15 லட்சம், 7.4 சதவீத வட்டியில் மாதம் 9,250. ஆக 45 லட்சம் வைத்திருக்கும் வீட்டுக்கு வருவது 29,750. இ.பி.எஃப். பென்ஷன் ஒரு மூவாயிரம் வந்தாலும் 32,750. இன்றைய 35,070-க்கே போதவில்லை. ஐந்தாம் ஆண்டு 48,700 வேண்டியிருக்கும்போதும் அதே 32,750தான் வரும். ஆகவே செலவுக் கணக்கைப் போடாமல், கையில் இருக்கும் பணம் முழுவதையும் வட்டி தரும் திட்டங்களில் போட்டுவிட்டு, வரும் வட்டி முழுவதையும் செலவழிப்பது ஆபத்து. ஒரு பகுதியாவது வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். அதை எங்கே வளர்ப்பது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

நடைமுறைக்கு ஒரு யோசனை. பண்டிகை, காப்பீட்டுப் பிரீமியம், ஆண்டுக் கட்டணம், ரிப்பேர் ஆகிய நான்குக்கும் சேர்த்து மாதம் 14,000. இதை வீட்டுச் செலவுக் கணக்கில் வைத்திருந்தால் கரைந்துவிடும். இன்னொரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி மாதம் பிறந்ததும் அங்கே மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். கார்டு வேண்டாம், போனில் பணம் அனுப்பும் செயலியோடும் இணைக்க வேண்டாம். மூத்த குடிமக்கள் திட்டத்தின் வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதத் தொடக்கத்தில் வருகிறது. அக்டோபரும் ஜனவரியும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒட்டியே வருவதால், மூன்று மாதச் செலவுக்கான பணம் பண்டிகையிலேயே தீர்ந்துபோவது பல வீடுகளில் நடக்கிறது. தனிக் கணக்கு இருந்தால் அந்தச் சிக்கல் வராது. ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரலில், மாத்திரை அட்டைகளை மறுபடியும் மேசையில் பரப்பி எல்லாத் தொகையையும் புதிதாக எழுதுங்கள்.

கடைசியாக, பேசத் தயங்கும் ஒரு கணக்கும் இருக்கிறது. இருவரில் ஒருவர் மட்டும் மிஞ்சும்போது செலவு பாதியாகாது. பெயின்ட், மோட்டார், சொத்து வரி, ஃபிரிட்ஜ் எதுவும் குறையாது. சாப்பாடும் மருந்தும்தான் குறையும். நம் உதாரணத்தில் 35,000 என்பது 25,000 அளவுக்கு வரலாம். ஆனால் இ.பி.எஃப். பென்ஷன் மனைவிக்குப் பாதிதான் கிடைக்கும். பெரும்பாலும் தனியாக மிஞ்சுவது மனைவி, பல வீடுகளில் வங்கிப் பக்கமே போகாதவரும் அவர்தான். எனவே இந்தக் கணக்கை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். வைப்புகளை இருவர் பெயரில் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் வாரிசு நியமனம் பதிவாகியிருக்கிறதா என்று பாஸ்புத்தகத்தில் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே வங்கிக்கும் அஞ்சலகத்துக்கும் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.